காரைக்குடி வட்டார மருத்துவர்களுக்கும் எக்ஸ்ரே நிலையத்தாருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களே, செவிலியர்களே, எக்ஸ்ரே நிலையத்தாரே, வணக்கம்.

நீண்ட காலம் எக்ஸ்ரே எடுத்து ஓய்வுபெற்றவன் என்ற முறையிலும், ஒரு குழந்தையின் தாத்தா என்ற முறையிலும் இதை எழுதுகிறேன். சென்ற கார்த்திகைத் தீபத்தன்று எங்கள் வீட்டு வளவில், நாணயம் போன்ற பொத்தான் பேட்டரியில் எரியும் அகல்விளக்குகளையும் வரிசையில் வைத்திருந்தார்கள். அவற்றின் அடிமூடிக்குத் திருகாணி கிடையாது. நகத்தால் நெம்பினாலே திறந்துகொள்ளும். ஒன்றே முக்கால் வயதான என் மகளின் மகன் மாலை 7 மணியளவில் திடீரென இருமி, எச்சில் வடிய அழுதான். யாரும் எதையும் பார்க்கவில்லை. காசை விழுங்கியிருப்பான் என்று நினைத்து வாழைப்பழம் ஊட்டினார்கள்.

எட்டரை மணிக்கு எக்ஸ்ரே எடுக்கப்பட்டது. கழுத்துக்குக் கீழே உணவுக்குழாயில் வெள்ளை வட்டம் ஒன்று தெரிந்தது. "நாணயந்தான், காலையில் பார்ப்போம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். சொன்னவர் மீது எனக்குக் கோபமில்லை. மூச்சுத் திணறாத குழந்தையின் உணவுக்குழாயில் சிக்கியது உண்மையிலேயே நாணயமாக இருந்தால், சில மணி நேரம் காத்திருப்பது மருத்துவ வழக்கந்தான். ஆனால் அது நாணயமாக இருக்கவில்லை.

வெளியூரிலிருந்து மறுநாள் காலை 7 மணிக்குத் திரும்பி அந்தப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வட்டத்தின் ஓரத்துக்குச் சற்று உள்ளே, இன்னொரு மெல்லிய வட்டம் ஓடியது. நாணயத்துக்கு இந்த இரட்டை விளிம்பு இருக்காது. பக்கவாட்டில் ஒரு படம் எடுத்திருந்தால், பேட்டரியின் ஒரு முகம் மற்றதைவிடக் குறுகிப் படிபோல இறங்குவதும் தெரிந்திருக்கும். அந்தப் படம் எடுக்கப்படவில்லை. மதுரையில் எண்டோஸ்கோப்பி மூலம் வெளியே எடுத்தபோது மணி 10. இருபது மில்லிமீட்டர் அகலமுள்ள லித்தியம் பேட்டரி, சிஆர் 2032, பதினைந்து மணி நேரம் உள்ளே இருந்திருக்கிறது.

பேட்டரிக்குள் இருக்கும் மருந்து கசிந்துதான் புண்ணாகிறது என்று பலர் நினைக்கிறார்கள். முதன்மைக் காரணம் அதுவன்று. ஈரமான உணவுக்குழாய்ச் சுவர் பேட்டரியின் இரு முகங்களையும் ஒருசேரத் தொடும்போது மின்சாரம் அந்தத் திசு வழியே பாய்கிறது; எதிர்மின் முனையான குறுகிய முகத்தில் நீர் பிரிந்து காரம் உண்டாகிறது. சாக்கடை அடைப்பு நீக்கும் காரத்தைப் போன்ற வலிமை அதற்கு உண்டு. அது சதையைக் கரைத்துக் கூழாக்கும். நான் ஒரு கோழிக்கறித் துண்டை மடித்து, இடையே புதிய பேட்டரி ஒன்றை வைத்துப் பார்த்தேன். சிறிது நேரத்தில் ஓரத்தில் நுரை கட்டியது. இரண்டு மணி நேரத்தில் குறுகிய முகம் பட்ட இடம் கருகிக் குழைந்திருந்தது. உயிருள்ள குழந்தையின் உணவுக்குழாயிலும் காயம் கால் மணி நேரத்தில் தொடங்கி, இரண்டு மணி நேரத்துக்குள் கடுமையாகிவிடும். கருவியை இயக்க முடியாதபடி தீர்ந்துபோன பேட்டரியிலும் இதற்குப் போதுமான மின்னழுத்தம் மிச்சமிருக்கும்.

எங்கள் குழந்தைக்குக் குறுகிய முகம் முன்பக்கம், அதாவது மூச்சுக்குழாயை நோக்கி இருந்தது. பேட்டரியை எடுத்த பின்னும் காயம் ஆழமாகிக்கொண்டே போனது. ஒன்பதாம் நாள் பால் குடித்தபோதெல்லாம் இருமினான். இரண்டு குழாய்களுக்கும் நடுவே துளை விழுந்திருந்தது. மாதக்கணக்கில் வயிற்றில் பொருத்திய குழாய் வழியே உணவு கொடுத்தோம். துளை மூடிய பிறகு உணவுக்குழாய் சுருங்கிப்போக, இப்போதும் அதை விரிக்க அழைத்துச் செல்கிறோம். அரிப்பு பெருந்தமனியை எட்டியிருந்தால் குழந்தையே இல்லை. அந்த இரத்தப்போக்கு, பேட்டரியை எடுத்துச் சில வாரங்கள் கழித்தும் நேரக்கூடும். வீட்டுக்கு அனுப்பும்போது, சிறிதளவு இரத்த வாந்தியோ கறுப்பு மலமோ கண்டாலும் உடனே வரும்படி பெற்றோரிடம் சொல்லி அனுப்புங்கள்.

நம் ஊரிலிருந்து மதுரைக்குச் சாலையில் போகவே ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகிறது. ஆகவே இங்கே வீணாக்க நமக்கு நேரமே இல்லை. வட்டமாக எது தெரிந்தாலும், பேட்டரி இல்லை என்று உறுதியாகும்வரை பேட்டரி என்றே கொள்ளுங்கள். நேராகவும் பக்கவாட்டிலும் இரண்டு படங்கள் எடுத்து, விளிம்பைப் பெரிதாக்கிப் பாருங்கள். மெல்லிய பேட்டரிகளில் இரட்டை விளிம்பு தெளிவாகத் தெரியாமலும் போகலாம். உணவுக்குழாயில் இருக்கிறதென்றால், வண்டி கிளம்புமுன்பே மதுரைக்குத் தொலைபேசியில் சொல்லி, எண்டோஸ்கோப்பிக்கும் மயக்க மருந்துக்கும் ஆட்களை ஆயத்தமாக இருக்கச் செய்யுங்கள். வாந்தி எடுக்க வைக்கவோ, வாழைப்பழமோ சோறோ கொடுக்கவோ வேண்டாம்.

விதிவிலக்கு தேன் மட்டுமே. ஒரு வயது நிறைந்து, விழுங்கிப் பன்னிரண்டு மணி நேரம் கடக்காமல், எதையும் விழுங்க முடிகிற குழந்தைக்குப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு தேக்கரண்டி, அதிகபட்சம் ஆறு முறை, வண்டியில் போகும்போதே கொடுக்கலாம். தேன் சுவரைப் பூசிக் காரத்தின் வேகத்தை ஓரளவு தணிக்கும். பேட்டரியை எடுப்பதற்கு அது மாற்றாகாது. தேன் தேடி ஒரு நிமிடம்கூட நிற்கக் கூடாது.

அன்று எடுத்த படம் என்னிடம் இருக்கிறது. அதே அளவுள்ள நாணயத்தின் படம் ஒன்றையும் சேர்த்து வைத்திருக்கிறேன். எந்த எக்ஸ்ரே அறைக்கு அழைத்தாலும் இரண்டையும் எடுத்துக்கொண்டு வந்து, இரவுப் பணியில் இருப்பவர்களுக்கு அருகருகே வைத்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற எக்ஸ்ரே தொழில்நுட்பர் ஒருவர்,
காரைக்குடி