மேனேஜர் எனக்குப் போன் செய்தார்

அன்பு மகளுக்கு,

வியாபாரத்தை உன் கையில் கொடுத்த பிறகும், முந்தாநாள் ராத்திரி நம் மேனேஜர் எனக்குப் போன் செய்தார். அறுபது நாள் கடனை நீ முப்பது நாளாகக் குறைத்துவிட்டாயாம், பழைய வாடிக்கையாளர் ஒருவருக்குச் சரக்கை நிறுத்தச் சொன்னாயாம். நான் யோசிக்காமல், "அனுப்பிடுங்க, நான் பேசிக்கிறேன்" என்றுவிட்டேன். காலையில் சரக்கு லாரியில் ஏறியபோது, நீ சொன்னது நிற்காது என்று குடோன் முழுக்கத் தெரிந்திருக்கும். அது என் தப்பு.

நேற்று அவரைக் கூப்பிட்டு, இனி இப்படிப் போன் வந்தால் உன்னிடம்தான் திருப்பி அனுப்புவேன் என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போதே "பாப்பாகிட்ட கேளுங்க" என்று வாய் தவறியது. முதலில் நான் அதை நிறுத்த வேண்டும்.

சரி, இப்போது உன் பக்கம். நீ பார்த்த பட்டியலில் நாள் கணக்கு மட்டும்தான் இருக்கும். அந்த வாடிக்கையாளர் நம் சரக்கை விற்று, அவர் வசூல் கைக்கு வரவே ஒன்றரை மாதம் ஆகிறது. ஐம்பதாவது நாளுக்கு மேல் அவர் போனதில்லை. முப்பது நாளில் கொடுக்கிற இன்னொருவர் ஒவ்வொரு பில்லிலும் ஏதாவது குறை சொல்லிப் பணத்தைப் பிடிப்பார். மேனேஜருக்கு இதெல்லாம் மனப்பாடம், எங்கேயும் எழுதி வைத்ததில்லை. நீ கேட்காமல் மாற்றியதுதான் அவருக்கு வருத்தம், முப்பது நாள் அல்ல.

தினமும் ஒரு மணி நேரம் லெட்ஜரோடு அவர் பக்கத்தில் உட்கார். பத்துப் பத்துக் கணக்காக எடுத்து, "இவருக்கு ஏன் இந்த அளவு?" என்று கேட்டுக் காரணத்தைப் பக்கத்திலேயே எழுது.

அதற்காக அவர் சொல்வதெல்லாம் சரி என்று எடுத்துக்கொள்ளாதே. பழக்கத்துக்காக அவர் விட்டுவைத்த கணக்குகளும் உண்டு. ஒவ்வொரு வாடிக்கையாளரின் பாக்கியும் அவ்வப்போது அடிமட்டத்துக்கு இறங்குகிறதா என்று பார். புதுச் சரக்கு வாங்கும்போது மட்டும் பழையதில் கொஞ்சம் கட்டி, மொத்தம் ஏறிக்கொண்டே போனால், அவர் நம் பணத்தில் வியாபாரம் செய்கிறார் என்று அர்த்தம். அந்தப் பக்கத்தை மேனேஜரிடம் தனியாகக் காட்டு, மற்றவர்கள் முன்னால் வேண்டாம். புது அளவை நீ முடிவு செய், வாடிக்கையாளரிடம் அவர் வாயால் போகட்டும்.

பேங்கில் என் கையெழுத்தை இந்த மாதக் கடைசியோடு எடுத்துவிடுகிறேன். செக்குக்கு என்னிடம் வரும்வரை முதலாளி நான்தான் என்று இருப்பார்கள்.

அப்புறம், நான் வாய்வார்த்தையாகச் சொல்லி வைத்தவை கொஞ்சம் இருக்கின்றன. பேக்கிங் மேஸ்திரியின் அட்வான்ஸை ஆறு மாதம் பிடிக்கவேண்டாம் என்றேன், நான்கு மாதம் ஆகிவிட்டது. டிரைவருக்கு அடுத்த சம்பள உயர்வு பேசியிருக்கிறேன். மீதியை யோசித்து எழுதி அனுப்புகிறேன். பட்டியல் வருவதற்குள் யார் சம்பளத்திலும் கை வைக்காதே.

அப்பா