செயலாளரின் ஆண்டறிக்கையும் வருடாந்த பொதுக்கூட்ட அறிவித்தலும்

அன்பான அங்கத்தவர்களே,

இந்த வருட அறிக்கையைத் தண்ணீர்க் குழாயில் இருந்தோ கணக்கில் இருந்தோ தொடங்காமல், சென்ற வருடக் கூட்டத்தில் நடந்த பிழையில் இருந்து தொடங்குகிறேன். அந்தப் பிழைக்கு நான்தான் பொறுப்பு.

2024 மார்ச் 17ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, கோயில் மண்டபம் நிறைந்திருந்தது. தலையை எண்ணினோம், 61 பேர். 142 அங்கத்தவர்கள் உள்ள நமது வீடமைப்புச் சங்கத்தின் உபவிதிப்படி, மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாதவர்கள் வந்திருக்க வேண்டும். அதாவது 48 பேர். 61 பேர் இருக்கிறார்களே என்று கூட்டத்தை ஆரம்பித்தோம். கணக்கறிக்கையை ஏற்றுக்கொண்டோம், புதிய தலைவரையும் பொருளாளரையும் தெரிவு செய்தோம்.

ஏப்ரல் மாதம் வங்கியில் கையொப்பம் மாற்றப் போனபோது, அங்கிருந்த உத்தியோகத்தர் வரவுப் புத்தகத்தை அங்கத்தவர் பதிவேட்டோடு ஒவ்வொரு பெயராக ஒப்பிட்டுப் பார்த்தார். அங்கத்தவர்கள் 39 பேர்தான். மற்ற 22 பேரில் பெரும்பாலானவர்கள் கொழும்பில் கடைகளில் வேலை செய்யும் அங்கத்தவர்களின் மனைவிமார். சிலர் பிள்ளைகள். வீடு கணவன் பெயரில், அங்கத்துவமும் அவர் பெயரில். பதிலாள் வருவதற்கு நமது உபவிதியில் இடமில்லை. ஆகவே கூட்டநடப்பெண்ணுக்கு ஒன்பது பேர் குறைவு. தெரிவும் செல்லாது, தீர்மானமும் செல்லாது.

மீண்டும் அறிவித்தல் கொடுத்து, ஜூன் 16ஆம் திகதி கூட்டத்தை முறையாக நடத்தும்வரை காசோலையில் கையொப்பமிட ஆளில்லை. மே மாத மழையில் மேல் தாங்கியில் இருந்து வரும் குழாய் உடைந்தது. கணக்கில் பணம் இருந்தும் எடுக்க முடியவில்லை. கொழுந்துக்குப் போய் வந்த பெண்கள் இருட்டில் பீலியடியில் குடத்தோடு வரிசையில் நின்றதைப் பார்த்தவன் நான். மண்டபத்துக்கு வந்தும் அங்கத்தவர் கணக்கில் சேராமல் போனவர்களும் அவர்கள்தான்.

அறிவித்தலிலும் குறை இருந்தது. கூட்டநடப்பெண் சேராவிட்டால் என்ன செய்வது என்று நான் எழுதவேயில்லை. எழுதியிருந்தால் ஒரு வாரத்தில் முடிந்திருக்கும். இம்முறை உபவிதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதிய அறிவித்தல் இது:

“சங்கத்தின் வருடாந்த பொதுக்கூட்டம் 2025 மார்ச் 16ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை காலை 10.00 மணிக்குக் கோயில் மண்டபத்தில் நடைபெறும். நிகழ்ச்சி நிரல்: 1. சென்ற கூட்டறிக்கையை உறுதிப்படுத்தல். 2. செயலாளர் அறிக்கை. 3. கணக்காய்வு செய்யப்பட்ட கணக்கறிக்கை. 4. நிர்வாகக் குழுத் தெரிவு. 5. கணக்காய்வாளர் நியமனம். 6. மாதத் தண்ணீர்க் கட்டணத்தை 200 ரூபாவில் இருந்து 300 ரூபாவாக்கும் பிரேரணை. 7. கணவன் மனைவி இருவரையும் இணை அங்கத்தவர்களாக ஏற்கும் உபவிதித் திருத்தம்.

10.30 மணிக்குள் கூட்டநடப்பெண் சேராவிட்டால் கூட்டம் மார்ச் 23ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமைக்கு, அதே நேரத்துக்கும் அதே இடத்துக்கும் ஒத்திவைக்கப்படும். அதற்கு வேறு அறிவித்தல் தரப்படமாட்டாது. ஒத்திவைக்கப்பட்ட கூட்டத்துக்கு வரும் அங்கத்தவர்களே கூட்டநடப்பெண்ணாகக் கொள்ளப்படுவர். 7ஆம் விடயம் அக்கூட்டத்தில் எடுக்கப்படமாட்டாது.”

பதினான்கு முழு நாள் அவகாசம் என்பதில் அறிவித்தல் கொடுக்கும் நாளும் கூட்ட நாளும் சேராது. அதனால் மார்ச் 1ஆம் திகதியே எல்லா வீடுகளுக்கும் கொடுத்துக் கையொப்பம் வாங்குகிறோம். சென்ற வருடம் பெரட்டுக்களத்துப் பலகையில் ஒட்டியதோடு விட்டுவிட்டேன்.

ஒத்திவைத்த கூட்டம் புதுக் கூட்டமல்ல, முதல் கூட்டத்தின் தொடர்ச்சி. நிரலில் இல்லாத எதையும் அதில் தீர்மானிக்க முடியாது. குறைந்த வரவோடு நடக்கக்கூடிய கூட்டத்தில் புது விடயம் நுழைந்தால், வராதவர்களுக்குத் தெரியாமலே அவர்கள் வீட்டு விடயம் முடிவாகிவிடும்.

7ஆம் விடயத்தைப் பற்றித்தான் எனக்குக் கவலை. உபவிதித் திருத்தத்துக்கு 48 அங்கத்தவர்கள் இருந்தே ஆக வேண்டும் என்பது நமது விதி. வீட்டில் இருக்கும் பெண்களைக் கணக்கில் சேர்க்கும் திருத்தம் நிறைவேற, கணக்கில் ஏற்கெனவே இருக்கும் ஆண்கள் வரவேண்டியிருக்கிறது. நிறைவேறினாலும் கூட்டுறவுத் திணைக்களத்தில் பதிவான பிறகே அது நடைமுறைக்கு வரும். கொழும்பில் இருக்கும் அண்ணன்மார், தம்பிமார் சனிக்கிழமை இரவு ரயிலையோ பஸ்ஸையோ பிடித்து, 23ஆம் திகதிக்கு அல்ல, 16ஆம் திகதிக்கே வந்து சேர வேண்டும்.

மற்ற வேலைகளில், குழாய் ஜூலையில் மாற்றப்பட்டது. கடைக்கான பாக்கி தீர்ந்தது. விபரம் பொருளாளரின் கணக்கறிக்கையில் உள்ளது.

மண்டப வாசலில் காலை 9.00 மணி முதல் இரண்டு புத்தகங்கள் இருக்கும். நீல அட்டைப் புத்தகத்தில் அங்கத்துவ இலக்கத்தை எழுதி அங்கத்தவர்கள் மட்டும் கையொப்பமிடுங்கள். கூட வருகிறவர்களுக்கு மற்றப் புத்தகம். 10.30 மணிக்குத் தலைவர் நீலப் புத்தகத்தை மட்டும் எண்ணிச் சபைக்குச் சொல்வார். வாக்கெடுப்பின்போது நடுவில் யாராவது எழுந்து போயிருந்தால் மறுபடியும் எண்ணுவோம். 7ஆம் விடயத்தை எடுக்கும்போது 48 பேரும் மண்டபத்துக்குள் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
செயலாளர்