'டிட் யூ கேவ்' என்று கேட்கும் பிள்ளைகளுக்காக

கடலூரிலும் புதுச்சேரியிலும் இருந்து ஸ்போக்கன் இங்கிலீஷ் வீடியோ போடும் தம்பி தங்கைகளுக்கு,

மஞ்சக்குப்பத்தில் மாலை வகுப்பு எடுப்பவள் எழுதுகிறேன். என் வகுப்புப் பிள்ளைகள் உங்கள் வீடியோக்களைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். அதனால் ஒரே ஒரு பிழையைப் பற்றி உங்களிடம் பேச வேண்டும். 'டிட்' வந்த பிறகும் வினைச்சொல்லை இறந்தகாலத்திலேயே விட்டுவிடுகிறோமே, அதுதான்.

போன மாதம் ஒரு பெண் புதுச்சேரி ஹோட்டல் ஒன்றில் ரிசப்ஷன் வேலைக்காகப் பயிற்சி எடுத்தாள். நான் விருந்தாளி, அவள் மேசைக்கு அந்தப் பக்கம். "டிட் யூ கேவ் யுவர் பாஸ்போர்ட், சார்?" என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வரியில், "ஐ டிட்ன்ட் காட் இட், சார்." இத்தனைக்கும் 'டிட் வந்தால் வி1' என்ற விதியைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவாள். பேசும்போதுதான் அது கைக்கு வருவதில்லை.

நான் அவளிடம் தமிழில் கேட்டேன்: "'கிடைத்தவில்லை' என்று சொல்லுவாயா?" சிரித்துவிட்டாள். "கிடைக்கவில்லை, மிஸ்." சரி, 'வந்தவில்லை', 'போனவில்லை' என்று யாராவது சொல்கிறோமா? வரவில்லை, போகவில்லைதான். 'வர', 'போக' என்பவற்றில் இறந்தகாலக் குறி எதுவும் கிடையாது. ஆங்கிலத்தில் 'டிட்ன்ட் கம்', 'டிட்ன்ட் கோ' என்பதும் அதே கட்டுதான். 'டிட்ன்ட் வென்ட்' என்று சொல்லும்போது 'போனவில்லை' என்றுதான் சொல்லுகிறோம். இதைக் கேட்டதும் அவளே திருத்திக்கொண்டாள்: "ஐ டிட்ன்ட் கெட் இட்."

இந்தப் பிடி நமக்குத் தாய்மொழியே கொடுத்தது. (மாஹே பிள்ளைகளுக்கு இதைச் சொல்லாதீர்கள். மலையாளத்தில் 'வந்நில்ல' என்று இறந்தகால வடிவத்தோடுதான் இல்லை சேரும். அவர்களுக்கு இது குழப்பத்தைத்தான் கூட்டும்.)

கேள்வியில்தான் தமிழ் நம்மைக் கவிழ்க்கிறது. 'கொடுத்தாயா' என்பதில் காலம் வினையிலேயே இருக்கிறது. கடைசி 'ஆ' கேட்பதற்கு மட்டும். நாம் 'டிட்' என்பதை அந்த 'ஆ'வாக நினைத்து முன்னால் வைத்துவிட்டு, 'கொடுத்த' என்பதற்கு 'கேவ்' போடுகிறோம். ஆனால் 'டிட்' கேள்வியையும் காலத்தையும் சேர்த்தே தூக்கிக்கொண்டு போய்விட்டது. வினைக்கு மிச்சம் ஒன்றும் இல்லை. அதனால் முதலில் 'இல்லை' வாக்கியத்தைச் சொல்லிப் பழக்குங்கள், கேள்விக்கு அப்புறம் வாருங்கள். 'டிட்ன்ட் கிவ்' நாக்கில் உட்கார்ந்த பிறகு 'டிட் யூ கிவ்' எளிதாக வரும்.

இப்போது திரையில் போடும் திருத்தத்துக்கு வருகிறேன். தவறான வாக்கியத்தைப் பெரிய சிவப்பு எழுத்தில் போட்டு, மேலே ஒரு பெருக்கல் குறி போட்டு, நீங்கள் விளக்கி முடிக்கும்வரை அப்படியே நிறுத்தி வைக்கிறீர்கள். மறுநாள் கேட்டால் என் பிள்ளைகளுக்கு அந்தச் சிவப்பு வாக்கியம்தான் நினைவில் இருக்கிறது. தவறு காதில் ஒருமுறை விழட்டும், திரையில் ஒரு நொடி தெரியட்டும். உடனே அதே இடத்தில் அந்தச் சொல் மட்டும் மாறட்டும்:

```
Did you gave your passport?
Did you give your passport?
```

இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக நிறுத்த வேண்டாம். `gave` என்பதில் `a` போய் `i` வருவதைக் கண் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். `Did` மட்டும் வேறு நிறத்தில் இருந்தால் காலம் எங்கே போனது என்பதும் தெரிந்துவிடும். சரியான வாக்கியம் குறைந்தது மூன்று நொடி நிற்கட்டும். அந்த நேரத்தில் நீங்கள் பேசாமல் இருங்கள், பார்ப்பவர் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளட்டும்.

எடுத்துக்காட்டுக்கு 'புட்', 'கட்' வேண்டாம். அவற்றுக்கு வி1, வி2 இரண்டும் ஒன்றே என்பதால் பிழை வெளியில் தெரியாது. 'வான்டட் டு' போன்றவையும் வேகப் பேச்சில் காதுக்குப் பிடிபடாது. கோ–வென்ட், கம்–கேம், சீ–சா என்று ஓசை மாறும் வினைகளாக எடுங்கள்.

திருத்தம் பழகிய பிள்ளைகள் அடுத்து இன்னொரு பக்கம் சறுக்குகிறார்கள். எல்லாவற்றுக்கும் 'டிட்' போட ஆரம்பித்து, 'யார் வந்தது' என்பதற்கு "ஹூ டிட் கம்?" என்கிறார்கள். வந்த ஆளையே கேட்கும்போது 'டிட்' வேண்டாம், "ஹூ கேம்?" போதும். 'வீட்டில் இருந்தாயா' என்பதற்கும் 'டிட்' வராது, "வேர் யூ அட் ஹோம்?" என்றுதான் கேட்க வேண்டும். இவை இரண்டையும் அதே வீடியோவில் திணிக்காமல், ஒரு வாரம் விட்டு அடுத்ததில் போடுங்கள்.

அந்தப் பெண்ணுக்கு வரும் திங்கட்கிழமை இன்டர்வியூ. அதற்குள் உங்களில் யாராவது 'வந்தவில்லை' வீடியோவைப் போட்டால் வகுப்பில் எல்லோருக்கும் காட்டுகிறேன்.

அன்புடன்,
மஞ்சக்குப்பம் மாலை வகுப்பு ஆசிரியை