வேகமான கைக்குப் பக்கத்தில் நின்று நேரம் எடுப்பவர்களுக்கு

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களின் ஷூ கம்பெனி உற்பத்தி மேலாளர்களுக்கு,

வணக்கம். ஆம்பூர், பேர்ணாம்பட்டுப் பக்கம் அப்பர் தைக்கும் லைன்களில் ஸ்டாப்வாட்சும் அட்டையுமாக நின்று வேலை பார்த்தவன் நான். தினமும் காலையில் பலகையில் டார்கெட் எழுதுகிறீர்கள். மாலையில் அது வராதபோது சூப்பர்வைசரைத் திட்டுகிறீர்கள்; அவர் தையல்காரப் பெண்களைத் திட்டுகிறார். அந்த டார்கெட் எந்தத் தாளிலிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. இந்த மடல் அந்தத் தாளைப் பற்றியது.

புதிய ஆர்ட்டிகிள் வந்தால் பல இடங்களில் நடப்பது இதுதான். டிப்ளமோ முடித்த ஒரு பையன் காலை பத்து மணிக்கு லைனுக்கு வருவான். யாரிடம் நேரம் எடுக்கலாம் என்று சூப்பர்வைசரைக் கேட்பான். அவர் தயங்காமல் லைனிலேயே வேகமான அக்காவைக் காட்டுவார். பையன் பத்து தடவை நேரம் எடுத்து, சராசரி போட்டு, ஷிப்ட் நேரத்தை அதனால் வகுத்துவிட்டுப் போவான். கால்மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். அந்தக் கால்மணி நேரத்தின் விலையை அடுத்த பதினைந்து நாட்களுக்கு லைன் முழுவதும் கட்டும்.

வேம்ப்பையும் குவார்ட்டரையும் சேர்த்துத் தைக்கும் ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம். பையன் எடுத்த சராசரி, ஜோடிக்கு 72 வினாடி. சாப்பாடு, டீ நேரம் போக ஷிப்டில் 480 நிமிடம், அதாவது 28,800 வினாடி. 72ஆல் வகுத்தால் ஓர் ஆளுக்கு 400 ஜோடி. நாளுக்கு 800 ஜோடி வேண்டும் என்றால் இரண்டு பேர் போதும். கணக்கில் கூட்டல் பிழை எதுவும் இல்லை. ஆனால் அது அந்த அக்காவின் பத்து ஜோடிக் கணக்கு. லைனின் கணக்கு வேறு.

முதலில் விடுபட்டது ரேட்டிங், அதாவது தைப்பவரின் வேகத்துக்கு நேரம் எடுப்பவர் போடும் மதிப்பு. உலகத் தொழிலாளர் அமைப்பின் வேலை ஆய்வுக் கையேடு 100 என்ற வேகத்துக்கு ஓர் அடையாளம் சொல்கிறது: சமதரையில், சுமையில்லாமல், மணிக்கு 6.4 கிலோமீட்டர் நடப்பவரின் நடை. சோம்பலான நடையும் அல்ல, ஓட்டமும் அல்ல. அந்த அளவில் நம் அக்காவின் கை 115 என்று வைப்போம். அப்போது 72ஐ 1.15ஆல் பெருக்க வேண்டும், 82.8 வினாடி வருகிறது. வேகமானவரை அளந்தால் நேரம் குறைய வேண்டாமா, ஏன் கூடுகிறது என்று மேலாளர்களே என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அவர் 72 வினாடியில் முடித்ததைச் சரியான வேகத்தில் தைக்கும் ஒருவர் எவ்வளவு நேரத்தில் முடிப்பார் என்பதுதான் நமக்கு வேண்டியது. அந்த நேரம் கூடத்தான் செய்யும்.

ரேட்டிங் வெறும் ஊகம்தானே என்பீர்கள். பாதி உண்மை. ஆனால் அதைச் சோதிக்க வழி இருக்கிறது. அதே வேலை செய்யும் நடுத்தர வேகக்காரர் ஒருவரையும் அளந்து பாருங்கள். அவருக்கு 85 வினாடி ஆகி, நீங்கள் 97 என்று மதிப்பிட்டால் 82.5 வருகிறது. இப்படி ரேட்டிங்கால் பெருக்கி வரும் இரண்டு பேரின் அடிப்படை நேரமும் ஒன்றையொன்று நெருங்கினால் உங்கள் கண் சரி. ஒருவருக்கு 83, இன்னொருவருக்கு 95 என்று வந்தால், ஒன்று கண் தவறு, அல்லது இருவரும் வேலையை வெவ்வேறு முறையில் செய்கிறார்கள். அப்படியானால் முதலில் முறையை ஒன்றாக்கிவிட்டுத்தான் மறுபடி அளக்க வேண்டும்.

அடுத்தது, பத்து ஜோடியில் தென்படாத வேலைகள். பாபின் நூல் அந்தப் பத்துக்குள் தீராது. தீர்ந்துவிட்டால், 'இது வழக்கமில்லாதது' என்று பையன் அந்த நேரத்தை அடித்துவிடுவான்! நான் சொல்லும் கணக்கில் 25 ஜோடிக்கு ஒருமுறை பாபின் மாற்ற 50 வினாடி. ஜோடிக்கு 2 வினாடி. பத்து ஜோடிக் கட்டை அவிழ்த்து, டிக்கெட் பார்த்து, தைத்தபின் கட்டித் தள்ள 30 வினாடி, ஜோடிக்கு 3. இப்போது 87.8 வினாடி ஆகிறது.

இதன் மேல்தான் அலவன்ஸ், அதாவது களைப்புக்கும் சொந்தத் தேவைக்கும் கூட்டித் தரும் நேரம். அதே கையேடு சொந்தத் தேவைக்கு ஆண்களுக்கு 5, பெண்களுக்கு 7 சதவீதமும், அடிப்படைக் களைப்புக்கு 4 சதவீதமும் தருகிறது. நம் தையல் லைன்களில் பெரும்பாலும் பெண்கள். ஆகவே 11 சதவீதம் தொடக்கத்திலேயே வந்துவிடும். கண்ணைக் கூர்ந்து பார்க்கும் வேலைக்கும் தகரக் கூரைச் சூட்டுக்கும் சேர்த்து மொத்தம் 15 சதவீதம் என்று வைக்கிறேன். வேலூர் மே மாதத்துக்கு இது தாராளம் என்று சொல்பவர் பிற்பகல் மூன்று மணிக்கு அந்த மெஷின் முன் உட்கார்ந்து பார்க்கலாம். 87.8ஐ 1.15ஆல் பெருக்கினால் 101 வினாடி. இதுதான் ஸ்டாண்டர்ட் டைம். ஓர் ஆளுக்கு 285 ஜோடி. 800க்கு 2.8 ஆள், அதாவது மூன்று பேர்.

மூன்று பேர் உட்கார வேண்டிய இடத்தில் இரண்டு பேரை வைத்தால் இயல்பான வேகத்தில் 570 ஜோடிதான் வரும். மீதி 230ஐ யாரோ எங்கிருந்தோ எடுத்தாக வேண்டும். சாப்பாட்டு நேரத்திலிருந்து எடுப்பார்கள், தண்ணீர் குடிக்கப் போகாமல் எடுப்பார்கள், நூல் நுனி வெட்டாமல் தள்ளி எடுப்பார்கள். தாள் தவறா, ஆள் வராததா என்று தெரிந்துகொள்ள, கட்டுகள் எங்கே தேங்குகின்றன என்று பாருங்கள். ஆள் மாறினாலும் நாள்தோறும் ஒரே மெஷின் முன் தேங்கினால் தாள்தான் தவறு. தேங்கும் இடம் நாளுக்கு நாள் மாறினால் விடுப்போ, மெஷின் பழுதோ, தோல் வராததோ காரணமாக இருக்கும்.

இப்போது முழு லைனுக்கு வருகிறேன். இந்த ஆர்ட்டிகிளின் எல்லாத் தையல் வேலைகளின் ஸ்டாண்டர்ட் டைமையும் கூட்டினால் ஜோடிக்கு 22 நிமிடம் என்று கொள்வோம். 800 ஜோடிக்கு 17,600 நிமிடம். 480ஆல் வகுத்தால் 36.7. உடனே 37 பேர் என்று எழுதிவிடாதீர்கள். 2.8 ஆளை மூன்றாக்கியதுபோல ஒவ்வொரு வேலையிலும் சில்லறை மிஞ்சும். கட்டுக்காகக் காத்திருப்பதும் உண்டு. அதனால் லைனின் திறன் 80 சதவீதம் என்று வைத்தால் 46 பேர் வேண்டும். அந்த 80ஐ உங்கள் பழைய உற்பத்திப் பதிவேட்டிலிருந்து எடுங்கள். பையரிடம் ஒப்புக்கொண்ட தேதிக்குப் பொருந்தும்படி அதை 95 ஆக்காதீர்கள். அலவன்ஸில் ஏற்கெனவே சேர்த்த களைப்பை இங்கே மறுபடியும் கழிக்கவும் கூடாது.

12,000 ஜோடி ஆர்டர் என்றால் 4,400 ஸ்டாண்டர்ட் மணி. 46 பேர் இந்தத் திறனில் நாளுக்கு ஏறக்குறைய 294 ஸ்டாண்டர்ட் மணி வேலை தருவார்கள். பதினைந்து நாள் ஆகும். புதிய ஆர்ட்டிகிள் என்றால் கை பழகும் முதல் சில நாட்களை இதற்கு மேல் சேர்த்துக்கொள்ளுங்கள். சிறிய சைஸிலும் மெல்லிய தோலிலும் எடுத்த நேரத்தைப் பெரிய சைஸ், கெட்டித் தோல் லாட்டுக்கு அப்படியே போடவும் கூடாது.

நான் கேட்பது பெரிய செலவு அல்ல. அடுத்த ஆர்ட்டிகிளுக்கு வெவ்வேறு வேகமுள்ள இரண்டு பேரிடம், காலையிலும் பிற்பகலிலும், சொல்லிவிட்டு நேரம் எடுக்கச் சொல்லுங்கள். தூணுக்குப் பின்னால் ஒளிந்து எடுப்பதை நிறுத்துங்கள். பார்த்த நேரம், ரேட்டிங், பாபின், கட்டு, அலவன்ஸ் ஐந்தும் தனித்தனிக் கட்டத்தில் இருக்கும் தாளை டார்கெட் பலகையின் பக்கத்திலேயே ஒட்டுங்கள். தைப்பவர்கள் அதைப் படித்து, பாபின் நேரம் குறைவாக இருக்கிறது என்று சொன்னால், அவர்கள் முன்னிலையிலேயே மறுபடி அளக்கட்டும்.

இப்படிக்கு,
தையல் லைனில் நேரம் எடுத்த ஒருவன்
ஆம்பூர்