பொங்கல் விடியும்போது வாட்டில நிண்டவைக்கு

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

இந்த முறை தைப்பொங்கல் எங்கட வீட்டு முற்றத்தில பொங்கேல்ல. மகன் டெங்குவோட ஆஸ்பத்திரியில, நான் அவன்ர கட்டிலுக்குப் பக்கத்தில. அண்டைக்கு இரவு அந்த வாட்டில வேலை செய்த மிஸ்மாருக்கு அந்த நேரம் சரியா ஒரு நன்றி சொல்லேல்ல, அதுதான் இப்ப எழுதுறன்.

மகனுக்குப் பதினேழு வயசு, ஐம்பது கிலோ. நாலாம் நாள் காய்ச்சல் விட்டுட்டுது, நாங்களும் சரி பிள்ளை தப்பீட்டான், பொங்கலுக்கு வீட்டில நிப்பான் எண்டு சந்தோசப்பட்டம். மிஸ்தான் சொன்னவ, "ஐயா, காய்ச்சல் விடுற நேரம்தான் நாங்கள் கூடக் கவனமாப் பாக்கிறது" எண்டு. அப்பதானாம் சில பேருக்கு ரத்தக் குழாயில இருந்து நீர் வெளிய கசியத் தொடங்கும், அது ஒரு நாள், ரெண்டு நாள் நீடிக்கும். சேலைன் குறைஞ்சா பிரஷர் விழுந்திடும், கூடினா கசிஞ்ச நீர் நெஞ்சுக்குள்ள தேங்கி மூச்சு முட்டும். அதால அளந்து அளந்துதான் குடுக்கவேணும்.

அந்த அளக்கிறது எண்டா என்னெண்டு அண்டைக்கு இரவுதான் கண்ணால பாத்தன். மணிக்கொருக்கா வந்து பிரஷர் பாக்கிறா, நாடி பாக்கிறா, அவன் குடிச்ச ஜீவனி எவ்வளவு, கஞ்சி எவ்வளவு எண்டு கேட்டு எழுதுறா, போன சலத்தையும் அளந்து எழுதுறா, பிறகு கையில மணிக்கூட்டப் பாத்துக்கொண்டு சேலைன் துளியை எண்ணுறா. அவன்ர எடைக்கு மணிக்கு இருபத்தஞ்சு மில்லியெண்டாலும் சலம் போகோணுமாம். இரவு ரெண்டு மணிக்குப் பாத்தா இருபதுதான், பிரஷர் 100க்கு 80. நான் நூறு நல்லதுதானே எண்டு நினைச்சன், அவ மேலயும் கீழயும் உள்ள ரெண்டு இலக்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாத்தவ, அது இருபதுக்கு வந்திட்டுது எண்டு உடன டொக்டரக் கூப்பிட்டவ. விரல் நுனியில குத்தி ரத்தம் எடுத்துப் பாத்தா ரத்தம் தடிச்சுப்போச்சு, ரத்தத்தில சிவப்பணு பின்னேரம் 42 வீதம் இருந்தது 49 வீதம். சேலைனக் கூட்டினவை, நாலு மணிக்கு வித்தியாசம் முப்பதுக்கு வந்திட்டுது, சலமும் நாப்பது மில்லி போனது. அந்த மிஸ் அதுவரைக்கும் ஒருக்காக் கூட இருந்ததை நான் காணேல்ல.

விடிய ஆறரை ஆகேக்க ஊரெல்லாம் வெடிச் சத்தம் கேக்குது. அப்பதான் ஒண்டு யோசிச்சன். இரவு டியூட்டி முடியிறது காலமை ஏழு மணிக்கு, காலமை டியூட்டி தொடங்கிறதும் ஏழு மணிக்கு. சூரியன் வந்து பானை பொங்குற நேரத்தில போறவவும் வாட்டிலதான் நிக்கிறா, வாறவ பஸ்ஸில வந்துகொண்டிருக்கிறா. ரெண்டு பேருக்கும் பொங்கல் இல்ல. அந்த பஸ்ஸ ஓட்டிற டிரைவருக்கும் கொண்டக்டருக்கும் இல்ல. ஏழு மணிக்குப் போறவ கட்டில் கட்டிலாக் கூட்டிக்கொண்டு போய் எல்லாத்தையும் ஒப்படைச்சவ, மகன்ர கட்டிலடியில "ரெண்டு மணிக்கு இருபது, பாத்துக்கொள்ளுங்கோ" எண்டு ரெண்டு தரம் சொன்னவ. அதில ஒரு சொல்லு விடுபட்டாலும் என்ன நடக்கும் எண்டு எனக்கு இப்ப தெரியும்.

அந்த நேரம் பாத்துத்தான் எங்கட சொந்தக்காரர் எல்லாரும் தங்கட வீட்டுப் பொங்கலோட ஆஸ்பத்திரி வாசலுக்கு வருகினம். கேட்டில நிண்ட செக்கியூரிட்டித் தம்பி ஒருத்தரைத்தான் உள்ள விடுவன் எண்டு சொல்ல, என்ர மச்சான் நல்ல நாளில இப்பிடியோ எண்டு அவரோட சண்டை பிடிச்சிட்டார். அந்தத் தம்பிக்கும் அது நல்ல நாள்தானே, விடிய விடிய கண்முழிச்சு நிண்ட பிள்ளை, அவரிட்ட இந்தக் கடிதத்தால மன்னிப்புக் கேக்கிறன். கொண்டுவந்த சக்கரைப் பொங்கலையும் மிஸ் மகனுக்குக் குடுக்க விடேல்ல. சிவப்பு, மண்ணிறச் சாப்பாடு இப்ப வேண்டாம், சத்தி எடுத்தா ரத்தமோ பொங்கலோ எண்டு எங்களுக்கு விளங்காது எண்டு சொன்னவ.

மகன் சுகமாகி வீட்ட வந்த பிறகு மனிசி ஒரு பெரிய பானையில பொங்கினவ. மத்தியானம் ஒரு மணிக்குக் கொண்டு போனம், அப்பதான் ரெண்டு டியூட்டி ஆக்களும் ஒண்டா நிப்பினம். ஒப்படைச்சு முடியும் மட்டும் வெளிய வாங்கில இருந்து, பிறகு உள்ள குடுத்தம், அண்டைக்கு இரவு நிண்ட மிஸ்ஸுக்கெண்டு ஒரு டப்பா தனிய வச்சம். வரேக்க மச்சான்தான் கேட்டடியில நிண்டு அந்தத் தம்பிக்குத் தன்ர கையால குடுத்தவர்.

இப்படிக்கு,
ஒரு தகப்பன்,
கோப்பாய்.