கடைப் பலகையில் உள்ள வட்டப்படம் தவறு – காபித்தூள் வாங்கியவரின் புகார்

அனுப்புநர்: கொலுசுப் பட்டறை உரிமையாளர், செவ்வாய்ப்பேட்டை, சேலம்
பெறுநர்: மேலாளர், காபித்தூள் நிறுவனம், ஏற்காடு

ஐயா, வணக்கம்.

போன ஞாயிறு ஏற்காட்டில் உங்கள் கடையில் அரைக் கிலோ பாக்கெட் மூன்று வாங்கினேன். கல்லாவுக்கு மேலே மாட்டியிருந்த கலவைப் படத்தில் சிக்கரி 20% என்று இருந்ததை நம்பித்தான் வாங்கினேன். அந்தப் படத்தைப் போனில் எடுத்தும் வந்தேன்.

வீட்டில் கூட்டிப் பார்த்தால் அராபிகா 50, பீபெரி 15, ரோபஸ்டா 25, சிக்கரி 20. மொத்தம் 110! முழு எண்ணாக்கும்போது ஒன்று கூடலாம், ஒன்று குறையலாம். நான்கு துண்டுகளில் அதிகபட்சம் இரண்டு வரைதான் பிசகும். பத்து பிசக வழியே இல்லை.

சரி, எந்த எண் தவறு? சிக்கரித் துண்டு கால் வட்டத்தைவிடப் பெரிதாகத் தெரிந்தது. 20% என்றால் அது 72 பாகைதான் இருக்க வேண்டும், கால் வட்டமே 90 பாகை. ஆனால் கீழிருந்து அண்ணாந்து எடுத்த படம். அகலம் 16.8 செ.மீ., உயரம் 15.3 செ.மீ. என்று வட்டம் நசுங்கியிருந்தது. நசுங்கிய வட்டத்தில் பாகைமானியை வைத்தால் மேலும் கீழும் இருக்கும் துண்டுகள் விரிந்து காட்டும், பக்கவாட்டுத் துண்டுகள் ஒடுங்கிக் காட்டும். பரப்பு அப்படி ஏமாற்றாது. எல்லாத் துண்டும் ஒரே அளவில் நசுங்குவதால் விகிதம் மாறாது. மிக அருகில் நின்று எடுத்தால் இது பொருந்தாது. நான் எதிர்ச்சுவர் ஓரமாக நின்று எடுத்திருந்தேன்.

அதனால் படத்தைச் சாதாரணத் தாளில் அச்செடுத்து, துண்டு துண்டாக வெட்டி, வெள்ளி நிறுக்கும் தராசில் வைத்தேன். முழு வட்டம் 1.61 கிராம். அராபிகா 0.64, ரோபஸ்டா 0.40, பீபெரி 0.09, சிக்கரி 0.48. அதாவது ஏறக்குறைய 40, 25, 6, 30. தராசு 0.01 கிராம் வரைதான் காட்டும், ஒரு சதவீதம் முன்பின் இருக்கலாம். ஆனால் சிக்கரி இருபதுக்கும் முப்பதுக்கும் உள்ள இடைவெளி அதில் அடங்காது.

அப்புறம் பாக்கெட்டின் பின்பக்கப் பொடி எழுத்தைப் பார்த்தேன். காபி 70%, சிக்கரி 30% என்று இருக்கிறது. சிக்கரியின் அளவைப் பாக்கெட்டில் போட வேண்டும் என்பது சட்டம், அங்கே சரியாகத்தான் போட்டிருக்கிறீர்கள். படத்தின் துண்டுகளும் அதோடு ஒத்துப்போகின்றன. துண்டுகளின் மேல் நீங்கள் எழுதிய எண்கள் மட்டும் ரோபஸ்டாவைத் தவிர எல்லாமே தவறு. தவறியதெல்லாம் காபி கூடி சிக்கரி குறையும் பக்கமாகவே இருப்பதுதான் என்னை வருத்துகிறது.

கலவையின் சரியான அளவை எழுத்தில் தெரிவித்து, பலகையைத் திருத்தி, அதன் படத்தை எனக்கு அனுப்ப வேண்டும். ஒரு பாக்கெட்தான் பிரித்தேன். மற்ற இரண்டையும் ரசீதோடு கொண்டுவருகிறேன், பணத்தைத் திருப்பித் தரவும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்