துணி நாற்காலி: தங்கைக்கு ஒரு கடிதம்

அன்புத் தங்கச்சிக்கு,

செவ்வாய்க்கிழமை ராத்திரி போனில் நீ கேட்ட கேள்விக்கு அப்போது எனக்குப் பதில் வரவில்லை. "பிள்ளை தூங்கும்போது நீயும் தூங்குன்னு எல்லாரும் சொல்றீங்களே அக்கா, அப்ப பாத்திரத்தை யாரு கழுவுவா?" என்றாய். சிரித்து மழுப்பிவிட்டேன். அதற்கப்புறம் நீ அனுப்பினாயே, தினசரி காலண்டர் தாளின் பின்பக்கம் கிறுக்கி வைத்த கணக்கு, அதை நாலு தடவை படித்தேன். பதில் அதிலேயே இருக்கிறது.

ராத்திரி 11.40க்குக் கண்ணை மூடி 1.40க்கு எழுந்திருக்கிறாய். பால் கொடுத்து, ஏப்பம் வர வைத்து, துணி மாற்றி, 2.30க்குப் படுத்து 4.15க்கு மறுபடி. அப்புறம் 5 மணியிலிருந்து 6.10 வரை. கூட்டினால் 4 மணி 55 நிமிஷம், அதுவும் மூன்று துண்டாக. 75 நாள் பிள்ளை ராத்திரி இரண்டு தடவை பாலுக்கு எழுவது இயல்புதான், அதை மாற்ற முடியாது. நாம் கை வைக்க முடிந்த இடம் பகல் மட்டும்தான்.

பகலில் அவன் நாலு தடவை தூங்கியிருக்கிறான். காலையில் 40 நிமிஷம், சாயங்காலம் 35, விளக்கு வைக்கிற நேரத்தில் 30. இந்த மூன்றையும் விட்டுவிடு. அந்த நேரத்தில் குளி, சாப்பிடு, சும்மா ஜன்னலோரம் உட்கார். நமக்கு வேண்டியது மத்தியானம் 12.10 முதல் 1.45 வரைக்குமான அந்த 95 நிமிஷம். நம் உடம்புக்கும் மத்தியானம் ஒரு மணி, இரண்டு மணி வாக்கில் தானாகவே ஒரு அசதி வரும். சாப்பிடாமல் இருந்தாலும் வரும். அதனால் அந்த நேரத்தில் தூக்கத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை.

அந்த 95 நிமிஷத்தில் நீ என்ன செய்தாய் என்று நீயே எழுதியிருக்கிறாய். பாத்திரம் 30, துணி மடித்தது 25, போன் 20, கூரியர்காரர் 5. 1.30க்குப் படுத்தாய். 1.45க்கு அவன் அழுதான்.

துணி மடிப்பதை அவன் முழித்திருக்கும்போதும் செய்யலாம். பாய் போட்டுப் பக்கத்தில் கிடத்திவிட்டு மடி, உன் கையையும் கலர் துணியையும் பார்த்துக்கொண்டு கால் ஆட்டுவான். பாத்திரம் தேய்ப்பதும் அப்படித்தான், சமையல்கட்டு வாசலில் கண்ணுக்குப் படுகிற மாதிரி பாயைப் போட்டால் போதும். கீரை ஆய்வது, துணி உலர்த்துவது எல்லாமே முடியும். அவன் முழித்திருக்கும்போது உன்னால் செய்ய முடியாத ஒரே வேலை தூங்குவது. அந்த வேலையைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, எப்போது வேண்டுமானாலும் செய்யக்கூடியதை முதலில் செய்கிறாய். வரிசையைத் திருப்பிப் போடு, அவ்வளவுதான்.

12.10க்கு மடியில் தூங்கிவிட்டான் என்றால் உடனே கீழே போடாதே. இந்த வயதில் பிள்ளைகள் தூக்கத்துக்குள் போனதும் முதல் பதினைந்து இருபது நிமிஷம் மேலோட்டமாகத்தான் தூங்கும். இமைக்குள் கண் உருளும், உதடு சிரிக்கும், அடிக்கடி முனகும். அப்போது கீழே போட்டால் முழித்துவிடும். நீ "படுக்கப் போட்டதும் எழுந்துக்கிறான்" என்று புலம்புவது இதனால்தான். அவன் கையை லேசாகத் தூக்கி விட்டுப் பார். துவண்டு விழுந்தால் நல்ல தூக்கத்துக்குப் போய்விட்டான். கை விறைத்து நின்றால் இன்னும் கொஞ்சம் பொறு. 12.25க்குத் துவளும் என்று வைத்துக்கொள். சமமான, மெத்தென்று இல்லாத விரிப்பில் மல்லாக்கப் போடு. தலையணை, சுருட்டிய போர்வை எதுவும் வேண்டாம். தூளி முழித்திருக்கும்போது ஆட்டி விளையாட நல்லதுதான். ஆனால் நீ தூங்கும் நேரத்தில் அவன் அதில் கிடக்க வேண்டாம், துணி குழிந்து கழுத்து மடங்கினாலும் பார்க்க ஆள் இருக்காது. தவிரவும், தூளியில் தூங்கும் பிள்ளைக்கு ஆட்டுகிற கை தேவை. உன் கை அங்கே மாட்டிக்கொண்டால் நீ எங்கே படுப்பது?

12.30க்கு நீ படு. 1 மணிக்கு அலாரம். அதற்கு மேல் ஆசைப்படாதே. அரை மணிக்குள் எழுந்தால் பெரும்பாலும் மேலாக இருக்கும் தூக்கத்திலிருந்தே எழுந்துவிடலாம். முக்கால் மணி, ஒரு மணி என்று போனால் ஆழத்தில் இருக்கும்போது அலாரம் இழுக்கும், தலை பாறாங்கல் மாதிரி இருக்கும். "மத்தியானம் தூங்கினா இன்னும் மோசமா இருக்கு, அதான் தூங்கறதில்ல" என்றாயே, நீ தூங்கியதில் தப்பில்லை, பாதியில் எழுப்பப்பட்டதுதான் தப்பு. ஆனாலும் உன்னைப் போலத் தூக்கக் கடன் ஏறியிருக்கிற உடம்பு இருபது நிமிஷத்திலேயே ஆழத்துக்குப் போகக்கூடும். அதனால் எழுந்ததும் பத்துப் பதினைந்து நிமிஷம் அடுப்பு வேண்டாம், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி வேண்டாம். முகம் கழுவி, தண்ணீர் குடித்துவிட்டு உட்கார். அப்புறம் 1.45 வரைக்கும் சோறு சூடாகச் சாப்பிடலாம். எத்தனை நாளாயிற்று நீ சூடாகச் சாப்பிட்டு? அவன் முன்னாடியே எழுந்துவிட்டாலும் உன் தூக்கத்தில் பாதியாவது கைக்கு வந்திருக்கும்.

தூக்கம் வராத நாளும் இருக்கும். அப்போதும் அந்த அரை மணி கண்ணை மூடிக் கிட. போனை மட்டும் வேறு அறையில் வைத்துவிட்டு, அலாரத்துக்குப் பழைய கடிகாரத்தைப் பயன்படுத்து. 11 மணிக் காபியை 1 மணிக்குத் தள்ளு. குடித்து ஐந்து மணி நேரம் ஆன பின்னும் அதில் பாதி உடம்பில் இருக்கும் என்கிறார்கள், 12.30க்கு உன்னைத் தூங்க விடாமல் செய்வது அதுவாகவே இருக்கலாம்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் தெரியுமா? உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. பெரியவள் பிறந்து இரண்டாம் மாசம், "நான் தூங்கவே மாட்டேன், சும்மா உட்கார்ந்திருக்கேன்" என்று சோபாவில் சாய்ந்து அவளை மார்பில் போட்டுக்கொண்டிருந்தேன். கண் முழித்தபோது மார்பில் அவள் இல்லை. என் விலாவுக்கும் சோபா முதுகுக்கும் நடுவில் சறுக்கிப்போய், முகம் மெத்தைப் பக்கம் திரும்பியிருந்தது. மூச்சு இருந்தது, ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த நிமிஷத்தை இன்னும் என்னால் முழுசாக நினைத்துப் பார்க்க முடியாது. நேரம் ஒதுக்கித் தூங்காத தாய் எங்கேயாவது தூங்கித்தான் போவாள். இடத்தை நாம் முடிவு செய்யாவிட்டால் சோபா முடிவு செய்யும்.

இனி உன் அத்தை விஷயம். "பச்சை உடம்புக்காரி பட்டப்பகல்ல படுத்தா உடம்பு ஊதும், நீர் கோத்துக்கும்" என்கிறார்கள். நம் அம்மாவும் அதையேதான் சொன்னாள். பகல் தூக்கத்தால் பிரசவித்தவளுக்குக் கேடு என்று டாக்டர்கள் பொதுவாகச் சொல்வதில்லை. ஆனால் ஒன்றை யோசித்துப் பார். அம்மா பகலில் தூங்கவிடவில்லை, சரி. கூடவே உன்னை ஒரு டம்ளர் கழுவவிட்டாளா? பாட்டி குளிப்பாட்டினாள், பத்தியச் சாப்பாடு கைக்கு வந்தது, பிள்ளையை மடி மாற்றி மடி யாராவது வைத்திருந்தார்கள். அந்த ஏற்பாட்டில் பகல் தூக்கத்தைப் பிடுங்கிக்கொண்டவர்கள் வேலையையும் பிடுங்கிக்கொண்டார்கள். நீ பெரம்பூர் வந்ததும் வேலை உன் தலைக்குத் திரும்பிவிட்டது, தடை மட்டும் அப்படியே நிற்கிறது. இதை அத்தையிடம் சண்டையாகச் சொல்லாதே. தலைக்குக் குளித்த நாளில் முடியை நன்றாகக் காயவைத்துவிட்டுப் படு, அவர்கள் பயத்துக்குப் பாதிப் பதில் அதுவே. மீதிக்கு, "அரை மணி படுக்கிறேன் அத்தை, மணி பார்த்து எழுப்பி விடுங்க" என்று அந்தப் பொறுப்பை அவர்களிடமே கொடு. மூட்டு வலியோடு அவர்களால் பாத்திரம் தேய்க்க முடியாது, பேரன் பக்கத்தில் உட்கார முடியும். வாரத்தில் இரண்டு நாள் அப்படி உட்கார்ந்தால் நீ வேறு அறையில் கதவைச் சாத்தி ஒன்றரை மணி நேரம் தூங்கலாம். மேலோட்டமாகத் தொடங்கி ஆழத்துக்குப் போய்த் திரும்பும் தூக்கத்தின் ஒரு சுற்று ஏறக்குறைய அவ்வளவு நேரம் என்பதால் எழும்போது தலை அவ்வளவாகக் கனக்காது.

வேலையைக் குறைப்பது பற்றி. எதை விடக்கூடாது என்று முதலில் பார். அவனுடைய மலத்துணி அன்றன்றைக்கு அலசி வெயிலில் காய வேண்டும். எச்சில் பாத்திரத்தில் சோறு ஊறிக் கிடக்கக்கூடாது, தண்ணீர் ஊற்றி வைத்தால் சாயங்காலம் மாப்பிள்ளை தேய்ப்பார். குடிதண்ணீர், உன் சாப்பாடு. இவ்வளவுதான். மாவு கடையில் வாங்கு. ஒரு குழம்பு, ஒரு அப்பளம் போதும், மூன்று மாசத்துக்குப் பொரியல் இல்லையென்றால் யாரும் இளைத்துவிட மாட்டார்கள். வீடு துடைப்பது வாரம் இரண்டு தடவை. இஸ்திரியை மற. பூஜைப் பாத்திரம் விளக்குவது வெள்ளிக்கிழமைக்கு என்றிருந்தால், வெள்ளிக்கிழமை அதை விளக்குகிற ஆள் மாப்பிள்ளையாக இருக்கட்டும்.

துணிக்கு மட்டும் நான் ஒரு வழி வைத்திருந்தேன். உடைந்த கைப்பிடி நாற்காலி ஒன்று இருந்தது நினைவிருக்கிறதா? காய்ந்த துணியெல்லாம் அதன் மேல். மடிப்பது கிடையாது, வேண்டியதை அதிலிருந்து உருவிப் போட்டுக்கொள்வோம். உன் அத்தான் முதலில் முகம் சுளித்தார், இரண்டாவது வாரம் பனியனைத் தேடும்போது நேராக அங்கேதான் போனார். விருந்தாளி வந்தால் மேலே ஒரு போர்வை. நீயும் அப்படி ஒரு நாற்காலியை ஒதுக்கிவிடு.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன், இது பயமுறுத்த இல்லை. அவன் தூங்குகிறான், அத்தை பக்கத்தில் இருக்கிறார்கள், வீடு அமைதியாக இருக்கிறது, அப்படியும் உனக்கு நாள்கணக்காகத் தூக்கம் வரவில்லை, நெஞ்சு படபடக்கிறது, அல்லது இரண்டு வாரமாக எதிலும் பிடிப்பில்லாமல் அழுகை வருகிறது என்றால், அது பாத்திரத்தாலும் துணியாலும் வந்த களைப்பு இல்லை. உடனே உன் டாக்டரிடம் சொல். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு அப்படித் தொடங்கலாம், அதற்குச் சிகிச்சை இருக்கிறது. போதுமான அளவு தூங்கியும் அசதி தீரவில்லையென்றால் ரத்தசோகை, தைராய்டு இரண்டையும் பார்க்கச் சொல். ராத்திரியில் யாரிடமாவது பேச வேண்டும் போல இருந்தால் 14416, அரசாங்கத்தின் டெலி மானஸ், தமிழிலேயே பேசுவார்கள். மனசு ரொம்ப இருட்டாகி, உனக்கோ பிள்ளைக்கோ ஏதாவது ஆகிவிடுமோ என்கிற நினைப்பு வந்தால் தனியாக இருக்காதே, மாப்பிள்ளையை எழுப்பி அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போ.

நாளை மத்தியானத்திலிருந்து தொடங்கு. வாசல் மணியின் சுவிட்சை 12 மணிக்கு அணைத்துவிடு, கூரியர் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போகட்டும். சனிக்கிழமை ராத்திரி புதுக் காலண்டர் தாளின் பின்பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பு. 12.30 என்ற இடத்துக்கு நேராக என்ன எழுதியிருக்கிறாய் என்று மட்டும்தான் பார்ப்பேன்.

மாசக் கடைசியில் வருகிறேன். பருப்புப் பொடியும் எள்ளுப் பொடியும் இடித்துக்கொண்டு வருவேன், நீ ஒன்றும் சமைக்க வேண்டாம். வீட்டையும் ஒழுங்குபடுத்தாதே, அந்தத் துணி நாற்காலியில் ஓரமாகக் கொஞ்சம் நகர்த்திவிட்டு நானே உட்கார்ந்துகொள்வேன்.

உன் அக்கா